வெளி ரூம்புல இருக்கற அம்மிணி

ஏங்கண்ணு, காசு கட்டி ஒருநாள் கிளாசுக்குப் போயிருந்தயாமா? ஓட்டல்ல ஏசி ஹாலு, ஊடால டீ பிஸ்கட்டு, மத்தியானம் பிரியாணி. எதுக்காம் இத்தனையும்? பெரிய மனுசனப் பாக்கப் போனா, வெளிய உக்காந்திருக்கற பி.ஏ.வைத் தாண்டி உள்ள போறது எப்படீன்னு சொல்லிக் குடுத்தாங்களாமா. நோட்டுல எல்லாம் எழுதிட்டு வந்திருக்கறே. குடு இக்கட்ட, பாக்கலாம்.

மொத யோசனை: எம்.டி. பேரை மொட்டையாச் சொல்லிக் கேளு, ரொம்ப நாள் சிநேகிதன்னு நெனச்சுக்குவாங்க. அட சாமி, கோயமுத்தூருல மில்லு மொதலாளியப் பேரு சொல்லிக் கூப்புடறது யாரு? பெத்த அம்மாவே ‘தம்பி’ங்குது. நீ போன்ல பேரை மொட்டையாச் சொன்ன ஒடனே, இவன் எங்கியோ கிளாசுக்குப் போயிட்டு வந்திருக்கறான்னு அம்மிணிக்குத் தெரிஞ்சு போகும்.

ரெண்டாவது: ‘சார் கூப்பிட்டிருந்தாரு, திருப்பிக் கூப்பிடறேன்’னு அடிச்சு உடு. ஏங்கண்ணு, அந்த சாருக்குப் போன் போட்டுக் குடுக்கறதே அந்த அம்மிணிதான். யாரைக் கூப்பிட்டாரு, யாரு எடுக்கலீங்கறது அதோட நோட்டுல இருக்குது. உன்ற பேரு அதுல இல்லையே?

மூணாவது: ‘பர்சனல் விசயம்’னு சொல்லு. இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. அவரு பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டுனது அம்மிணி. பல் டாக்டரு நாளு வாங்குனது அம்மிணி. குலதெய்வத்துக் கோயலுக்குப் போக வண்டி சொன்னதும் அம்மிணி. அவரோட பர்சனல் விசயம் அவரு ஊட்டுக்காரம்மாளை உட்டா இதுக்குத்தான் தெரியும். அதுல நீ எந்த மூலைல வாரே?

நாலாவது, காலைல எட்டு மணிக்கு, அம்மிணி வாரதுக்கு முந்தி கூப்பிட்டா மொதலாளியே எடுப்பாருன்னு எழுதியிருக்குது. இது ஒரோரு சமயம் பலிக்கும், இல்லீங்கல. எடுத்து என்ன சொல்லுவாரு? ‘மேடம்கிட்டப் பேசிக்கங்க.’ திரும்ப அங்கியேதான வரோணும்? முந்தியாச்சும் முன்னப்பின்ன தெரியாத ஆளு. இப்ப வேலி தாண்டுன ஆளு.

நோட்டை மடிச்சு அக்கட்ட வையி. நான் சொல்றதக் கேளு. நான் பஞ்சு சாம்பிள் கட்டைக் கக்கத்துல இடுக்கிட்டு மில்லு மில்லா ஏறி எறங்குனவன். மொதலாளி ரூம்புக்கு வெளிய இருக்கற பெஞ்சுலயும் சோபாவுலயும் என்ற பாதி ஆயுசு போயிருக்குது. அப்பெல்லாம் வேட்டி கட்டுன கிளார்க்கு ஒருத்தரு இருப்பாரு, முன்னால டைப் மிசினு, பக்கத்துல கருப்புப் போனு. இப்ப ரெண்டு கம்ப்யூட்டர் திரை, காதுல ஒயரு, எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டன்டுன்னு பெரிய பேரு. வேலை அதேதான். நான் வயசானவன், ‘அம்மிணி’ங்கறேன். நீ போயி அப்படிக் கூப்பிட்டுராத. உனக்கு அவுங்க ‘மேடம்’. பேரு என்னன்னு கேட்டுத் தெரிஞ்சு, எழுத்து மாறாம எழுதி வெச்சுக்க.

சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டீங்கறானாமான்னு பழமொழி பேசறே. கேக்க நல்லாத்தான் இருக்குது, இங்க பொருந்தாது. அம்மிணி கைல வரமெல்லாம் ஒண்ணும் இல்லை. இருக்கறது அவரோட நேரக் கணக்கு மட்டும்தான். அந்தக் கம்ப்யூட்டர் திரைல கலர் கலராக் கட்டம் போட்டிருக்குமே, அதுதான் நாள் கணக்கு. காலைல எட்டரைக்கு மில்லு புரடக்சன் ரிப்போர்ட்டு. பத்து மணிக்குப் பஞ்சு வெலை பேசோணும். பதினொண்ணுக்குப் பேங்க்காரங்க. மத்தியானம் இன்னொரு யூனிட்டுக்குப் போகோணும், போக வர ரெண்டு மணி நேரம் வண்டிலயே போயிருது. சாயங்காலம் நூல் வாங்கற பார்ட்டி. இத்தனையும் போக ஊடால கால் மணி, அரை மணின்னு ஒண்ணோ ரெண்டோ கட்டம் காலியாக் கெடக்கும். அதுக்கு எத்தனை பேரு? மிசின் கம்பெனிக்காரன், ஆடிட்டரு, கோயல் கும்பாபிசேகப் பத்திரிகையோட கமிட்டிக்காரங்க, ஆண்டு விழாவுக்குக் கூப்புடற காலேஜுக்காரங்க, பையனுக்கு வேலை கேட்டு வார ஒறம்பரை. கடைசீல நீயி.

பி.ஏ.பி. வாய்க்கால்ல மொறைத்தண்ணி உடறதப் பாத்திருப்பயே? இன்ன காட்டுக்கு இத்தனை மணி நேரம்னு கணக்கு இருக்குது. உன்ற காட்டுக்கு அரைமணி எச்சாப் பாஞ்சா, கடைமடைக்காரன் மம்முட்டியோட வந்து நிப்பான். அம்மிணி அந்தக் கணக்கத்தான் பாத்துட்டு உக்காந்திருக்குது. உன்ற மூஞ்சி புடிக்காம ஒண்ணும் படலைச் சாத்தல.

இன்னொண்ணு. ஒரு வெட்டிப் பேச்சுக்காரன் உள்ள போயி முக்கா மணி நேரம் உக்காந்துட்டான்னு வெய்யி. அவன் போன பொறவு மொதலாளி மணி அடிச்சு ஒரே ஒரு கேள்வி கேப்பாரு: ‘இந்த ஆளை யாரு உள்ள உட்டது?’ வாங்கிக் கட்டிக்கறது அம்மிணிதான். நீ போன்ல பேசற ஒவ்வொரு வார்த்தையும், அந்தக் கேள்விக்கு அம்மிணி என்ன பதில் சொல்றதுங்கறதுல போயித்தான் நிக்கும்.

இப்ப நெசத்தைச் சொல்றேன், காதைக் குடு. உள்ள உனக்காகப் பேசப்போறது நீ இல்ல, அந்த அம்மிணி. தெனமும் காலைலயோ சாயங்காலமோ ஒரு பத்து நிமிசம் அம்மிணி நோட்டோட உள்ள போகும். ‘சார், இன்னார் கேட்டிருக்காங்க, இன்ன விசயமா’ன்னு வரிசையாச் சொல்லும். ஒரு ஆளுக்கு ரெண்டு வரி, அவ்வளவுதான். அவரு ‘சரி’ம்பாரு, ‘வேண்டாம்’பாரு, இல்லாட்டி ‘ஜி.எம்.மப் பாக்கச் சொல்லு’ம்பாரு. உனக்கான அந்த ரெண்டு வரியை அம்மிணிக்கு யாரு குடுக்கறது? நீதான் குடுக்கோணும். குடுக்காம ‘நேர்ல சொல்லிக்கறேன்’னா, அம்மிணி உள்ள போயி என்னத்தச் சொல்லும்?

நீ அன்னைக்குப் பேசுனதப் பக்கத்துல இருந்து கேட்டுட்டுத்தான இருந்தேன்?

‘ஹலோ, எம்.டி. இருக்காரா?’

‘நீங்க யாருங்க?’

‘கோயமுத்தூர்ல இருந்து பேசறேன்.’

மில்லும் கோயமுத்தூரு, மேடமும் கோயமுத்தூரு. நீ மட்டும் லண்டன்ல இருந்தா பேசுவே?

‘என்ன விசயமாங்க?’

‘அது சார்கிட்டச் சொன்னாத்தான் புரியும்.’

அந்த எடத்துலயே உன்ற கதை முடிஞ்சுது. உனக்குப் புரியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப் போட்டே. அந்த மில்லுல எந்த லோடு எந்த லாரில போகுதுங்கற வரைக்கும் அந்த அம்மிணி டேபிளத் தாண்டித்தான் காகிதம் போகுது. அதுக்கா புரியாது? அதுக்கு மேல ‘அஞ்சே நிமிசம் மேடம்’னு கெஞ்சுனே பாரு, அதுதான் நோம்பி. எந்த மனுசன் அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சு வந்திருக்கறான்? வணக்கம் சொல்லி, கார்டு குடுத்து, தண்ணி குடிக்கவே அஞ்சு நிமிசம் ஆகுது. அஞ்சு நிமிசம்னு கேக்கறவன் அரைமணி உக்காருவான்னு அம்மிணிக்கு அனுபவம். 20 நிமிசம் வேணும்னா 20 நிமிசம்னே கேளு. நெசத்தைச் சொல்ற ஆளுக்குக் கட்டம் போடறது சுளுவு.

நம்ம ஊருப் பையன் ஒருத்தன் இருக்கறான், கம்ப்ரஸர் காத்து எங்கெங்க ஒழுகுதுன்னு கருவி வெச்சுக் கண்டுபுடிக்கற தொழிலு. ஸ்பின்னிங் மில்லுல ஆட்டோகோனர் மிசினு இருக்குதல்ல, நூல் அந்தா அதைக் காத்தாலயே முறுக்கி ஒட்டற மிசினு, அதுக்குக் காத்து எந்நேரமும் ஓடிட்டே இருக்கோணும். ஓஸு, ஜாயிண்டு, வால்வுன்னு ஒவ்வொரு எடத்துலயும் துளித்துளியா ஒழுகும். மில்லு எரைச்சல்ல ஆரு காதுலயும் உழுகாது. கரண்டு பில்லுல மட்டும் உழுகும். நல்ல தொழிலுதான். ஆனா இவனும் மொதல்ல உன்னையாட்டத்தான், பெரியவரைத்தான் பாப்பேன்னு நின்னான். உக்கார வெச்சுப் பழமை பேசிப்போட்டு இப்படிக் கூப்பிடச் சொன்னேன்:

‘வணக்கம் மேடம். என்ற பேரு இன்னதுங்க, பொள்ளாச்சிங்க. மில்லுல கம்ப்ரஸர் காத்து ஒழுகறதக் கண்டுபுடிச்சுக் குடுக்கற வேலை பண்றோம். உங்க ஆட்டோகோனர் டிபார்ட்மெண்டுல ஒரு சிப்ட்டு சர்வே பண்ணிப் பாக்க அனுமதி வேணுங்க, காசு இல்லீங்க. அதுக்கு எம்.டி. சாரை 20 நிமிசம் பாக்கோணும். இந்த வாரமேன்னு இல்லீங்க, மாசக் கடைசிக்குள்ள எப்ப முடிஞ்சாலும் சரிங்க. இப்ப நீங்க பேச முடியுங்களா, இல்லை வேலையா இருந்தா அப்பறம் கூப்புடட்டுங்களா?’

கவனிச்சயா? ஆரு, என்ன வேணும், எத்தனை நேரம், எப்பத்துக்குள்ள. நாலும் வந்திருச்சு. ‘என்ன வேணும்’ங்கறதுல ‘சந்திச்சுப் பேசோணும்’னு மொட்டையா உடலை. என்ன முடிவு கேக்கறோம்ங்கறதச் சொல்லியாச்சு, ஒரு சிப்ட்டு சர்வேக்கு அனுமதி. அம்மிணி அப்படியே நோட்டுல எழுதிக்கலாம். கடைசிக் கேள்வி இருக்குதே, அது ரொம்ப முக்கியம். அப்ப அந்த மேடம் மூணு லைனை ஒட்டுக்காப் புடிச்சுட்டு இருக்கலாம். ‘இப்பப் பேசலாங்களா’ன்னு அவுங்க நேரத்தையும் மதிச்சுக் கேக்கறவன் நாளைக்கு நாலு பேருல ஒருத்தனாச்சும் இருப்பானாங்கறது சந்தேகம்.

அம்மிணி என்ன சொல்லுச்சு? ‘இதுக்கு சாரைப் பாக்க வேண்டியதில்லீங்க. டெக்னிகல் ஜி.எம். இருக்கறாரு, அவரைப் பாருங்க. எனக்கு ஒரு மெயில் போடுங்க, நான் அவருக்கு அனுப்பறேன்’னுச்சு.

பையனுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. தட்டிக் கழிச்சுட்டாங்க தாத்தான்னு வந்தான். அடப் பைத்தியக்காரா, எந்த ஓஸு ஒழுகுதுன்னு எம்.டி.க்கா தெரியும்? நீ அவரைப் பாத்திருந்தாலும், அவரு அந்த ஜி.எம்.மைக் கூப்பிட்டு ‘என்னப்பா இது’ன்னுதான் கேப்பாரு. அப்ப ஜி.எம். மனசுல என்ன இருக்கும்? ‘எனக்கு மேல போயி என்ற டிபார்ட்மெண்டு காத்து ஒழுகுதுன்னு சொல்லிட்டானா?’ன்னு இருக்கும். அம்மிணி உன்னைத் தள்ளி உடல, தப்பிக்க வெச்சிருக்குது. வேற ஆளைப் பாருன்னு பேரோட அனுப்புனா, அது பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

மெயிலும் ஒரு வெவகாரந்தான். நீங்கெல்லாம் அனுப்பற மெயிலைப் பாத்திருக்கறேன். தொறந்தா மொதல்ல உங்க கம்பெனி என்னைக்குப் பொறந்துதுன்னு ஒரு பத்தி. பொறவு உங்க ‘விசன்’ ஒரு பத்தி. ஆரம்பிச்சு ஆறு மாசந்தான ஆச்சு, அதுக்குள்ள என்ன விசனம்? கூடவே ஒரு பெரிய புரோசரு, எடை தாங்காம மெயிலே போயிச் சேராது. அம்மிணி அதைப் படிச்சு, சுருக்கி, வேற ஆளுக்கு எழுதோணும்னா, அது அவுங்களுக்கு வேலை வெக்கறது. அப்படியே அடுத்த ஆளுக்குத் தள்ளி உடறாப்பல எழுதோணும். அந்தப் பையன் எழுதுனதைத் தமிழ்ல சொல்றேன், நீ இங்கிலீசுல போட்டுக்க.

தலைப்பு: ‘ஆட்டோகோனர் காத்துக் கசிவு: ஒரு சிப்ட்டு இலவச சர்வேக்கு அனுமதி.’

உள்ள: ‘வணக்கம் மேடம். காலைல போன்ல பேசுன விசயம். உங்க யூனிட்டு ஆட்டோகோனர் டிபார்ட்மெண்டுல ஒரே ஒரு சிப்ட்டு, மிசினை நிறுத்தாம, கசிவு எங்கெங்கன்னு கருவியால பாத்து அடையாளம் போடுவோம். ரெண்டு பேரு வருவோம். மூணு நாள்ல ஒரு பக்க ரிப்போர்ட்டு குடுப்போம். உங்க பக்கத்துல இருந்து மெயின்டனன்ஸ் ஆளு ஒருத்தர் கூட இருந்தாப் போதும். வார புதன், வியாழன் எங்களுக்குத் தோது, வேற நாள்னாலும் வருவோம். ஜி.எம். சாருக்கு அனுப்பித் தரோணும்.’ அடில பேரு, போன் நம்பரு. ஒத்தப் பக்கம் ஒட்டு. அவ்வளவுதான்.

அம்மிணிக்கு என்ன வேலை? ‘கீழ பாருங்க சார்’னு ஒரு வரி போட்டுத் தள்ளி உட்டுருச்சு. நடந்துதா இல்லையா? மிசினை நிறுத்தாம, ரெண்டு பேரு, ஒரு சிப்ட்டுன்னு இருக்கறதப் பாத்து ஜி.எம்.முக்கும் பயமில்ல. வரச் சொல்லிட்டாரு. போனானுங்க, ஒழுகற எடத்துலயெல்லாம் சீட்டுக் கட்டி உட்டுட்டு வந்தானுங்க. அன்னைக்குச் சாயங்காலமே அந்தப் பையனை மேடத்துக்கு ரெண்டு வரி போடச் சொன்னேன்: ‘ஜி.எம். சாரைப் பாத்தோங்க, சர்வே முடிஞ்சுது, ரிப்போர்ட்டு வெள்ளிக்கிழமை வரும், உங்க உதவிக்கு நன்றிங்க.’ இதை எத்தனை பேரு பண்றீங்க? வழி சொன்னவுங்க, நீ போயிச் சேந்தயா இல்லையான்னு தெரியாமயே இருக்கறாங்க.

ரிப்போர்ட்டு போன பொறவு, மில்லு முச்சூடும் பண்ணலாமா, எத்தனை செலவுங்கற கேள்வி வந்துச்சு. அது மொதலாளி முடிவு. இப்பத்தான் எம்.டி.யப் பாக்கற காரணமே பொறந்துது. இந்தத் தடவை பையன் கேக்கவே இல்ல. ஜி.எம். சொல்லி, அம்மிணியே வியாழக்கிழமை மூணே முக்காலுக்குக் கால் மணி நேரம் கட்டம் போட்டுக் குடுத்துச்சு. வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்துச்சு: ‘பேங்க்காரங்க வந்துட்டாங்க, சாரால முடியாதுங்க.’ பையன் வண்டிய எடுத்துட்டு உக்கடம் வரைக்கும் வந்துட்டான். நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே? ‘மேடம், நான் பாதி வழில இருக்கறேன், எங்க டைமுக்கும் மதிப்பு இருக்குதுல்ல’ன்னு கிளாசுல சொல்லிக் குடுத்ததை எடுத்து உட்டிருப்பே. அவன் ‘போச்சாதுங்க மேடம், எப்ப தோதோ சொல்லுங்க, காலைல சொன்னாக்கூட ஒரு மணி நேரத்துல வந்துருவேன்’னான்.

அந்தக் கடைசி வார்த்தைல இருக்குது சூட்சுமம். பெரிய மனுசன் நாள் கணக்குல தெனமும் ஏதாச்சும் ஒண்ணு கழண்டு உழும். பிளேன் லேட்டு, பார்ட்டி வரல, மீட்டிங்கு சீக்கிரம் முடிஞ்சுது. அந்தக் காலிக் கட்டத்துல யாரைக் கூப்புடறது? ஒடனே வாரவன், மூஞ்சியத் தூக்காதவன், சொன்ன நேரத்துல எந்திரிக்கறவன். அடுத்த வாரம் ஒருநாள் காலைல ஒம்போதரைக்கு அம்மிணி கூப்பிட்டுது, ‘பதினொண்ணே காலுக்கு வர முடியுங்களா?’ பதினொண்ணுக்கே போயி உக்காந்துட்டான்.

போறதும் ஒரு ஒழுங்குதான். மில்லு கேட்டுலயே அரை நாழி போயிரும். செக்யூரிட்டி பேரு எழுதி, போட்டோ புடிச்சு, அடையாள அட்டை பாத்து, லேப்டாப்பு நம்பரைக் குறிச்சு, பாஸு குடுப்பான். அதனால வாரவுங்க பேரு, வண்டி நம்பரு எல்லாம் முந்தின நாளே மேடத்துக்கு அனுப்பிருங்க. ‘ரெண்டு பேரு வாரோம்’னுட்டு நாலு பேரா எறங்காதீங்க. சோபாவுல உக்காந்துட்டு ஊருக்கே கேக்கறாப்பல போன்ல யாவாரம் பேசாத. ‘இன்னும் எத்தனை நேரம்?’னு அஞ்சு நிமிசத்துக்கொருக்காக் கேக்காத. ‘உள்ள யாரு இருக்கறாங்க? என்ன பேசறாங்க?’ன்னு கிண்டாத. அது சொல்லாது, சொல்லவும் கூடாது. உன்ற வெசயத்தை இன்னொருத்தன்கிட்டச் சொல்லுச்சுன்னா உனக்குப் புடிக்குமா?

உள்ள போயி, 15 நிமிசம்னா 14-ல நீயா எந்திரி. ‘எனக்குக் குடுத்த நேரம் முடிஞ்சுதுங்க சார்’னு சொல்லு. அவரு ‘உக்காருப்பா’ன்னா உக்காரு, அது அவரு இஷ்டம். வெளிய அம்மிணி கடியாரத்தைப் பாத்துட்டுத்தான் இருக்கும். அடுத்த தடவை நீ 20 நிமிசம் கேட்டா, அது 20 நிமிசந்தான்னு அதுக்குத் தெரியும்.

இப்ப அம்மிணி சொல்றதுக்கு அர்த்தம் தெரிஞ்சுக்க. ‘மெயில் போடுங்க’ன்னு ரெண்டு வெதமாச் சொல்லுவாங்க. எதுக்கு, எத்தனை நேரம்னு கேட்டு, தன்னோட முகவரியவே குடுத்தா, அது நெசம். ஒண்ணுமே கேக்காம, வெப்சைட்டுல ‘இன்ஃபோ’ன்னு இருக்கற பொது முகவரிக்குப் போடுங்கன்னா, மரியாதையா வேண்டாம்னு சொல்றாங்க. ‘சார் மீட்டிங்ல இருக்கறாரு’ன்னா இருக்கறாருன்னே வெச்சுக்க, தோண்டாத. ‘எப்பக் கூப்புட்டா உங்களுக்குத் தோது’ன்னு கேளு. நேரம் குடுத்தா அந்த நேரத்துக்கு டாண்ணு கூப்புடு. ஒரு வாரம் கழிச்சு ஒருக்கா, இன்னொரு வாரம் கழிச்சு ஒருக்கா நெனவுபடுத்தலாம், பழைய மெயில் மேலயே ஒத்த வரி. அதுக்கும் சத்தமில்லைன்னா இப்போதைக்கு உட்டுரு. தெனம் கூப்பிட்டா காரியம் நடக்கும்னு எவனோ சொல்லியிருப்பான், நடக்காது. அவுங்க போன்ல உன்ற நம்பரை ‘எடுக்காதே’ங்கற பேருல போட்டு வெச்சிருவாங்க.

காலம் பாத்துக் கூப்புடோணும். பங்குச் சந்தைல இருக்கற கம்பெனின்னா, காலாண்டு முடிஞ்சு 45 நாளைக்குள்ள கணக்கை வெளிய உடோணும்னு செபி விதி. மார்ச்சுல முடியற வருசக் கணக்குக்கு 60 நாளு. அப்ப ஜூலைக் கடைசீல இருந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும், அக்டோபர்க் கடைசீல இருந்து நவம்பர் பாதி வரைக்கும், அதே மாதிரி ஜனவரி, மே கடைசீலயும், அம்மிணிக்கு போர்டு மீட்டிங்கு வேலையே தலைக்கு மேல இருக்கும். அப்பப் போயி ‘ஒரு இன்ட்ரடக்சன் மீட்டிங்’னு நின்னா என்ன ஆகும்? மில்லுக்காரங்களுக்கு இன்னொண்ணும் இருக்குது. பஞ்சு வருசம் அக்டோபர்ல ஆரம்பிக்குது. புதுப் பஞ்சு வாரப்ப மொதலாளி மனசெல்லாம் வெலைலதான். திங்கக்கிழமை காலைல யாரையும் கூப்புடாத. அது எந்த ஆபீசுக்கும் பொது.

‘வெறும் பி.ஏ.தானே’ன்னு அன்னைக்கு வாய் உட்டே பாரு, அதை மட்டும் எங்கயும் சொல்லீராத. கலெக்டர் ஆபீசுல ‘நேர்முக உதவியாளர் (பொது)’ன்னு போர்டு இருக்கும். காபி வாங்கிட்டு வார ஆளுன்னு நெனச்சுட்டு ஒருத்தன் சவடாலாப் பேசுனான். அவரு துணை ஆட்சியர் அந்தஸ்துல இருக்கற ஆபீசரு. இவன் மனுவே அவரு கையெழுத்துக்குத்தான் வரோணும். நல்லா வேர்த்துச்சு அவனுக்கு. கலைஞருக்குச் சண்முகநாதன்னு ஒரு செயலாளர் இருந்தாரே, போலீசுல சுருக்கெழுத்து எழுதிட்டு இருந்தவரு, கலைஞர் மேடைப் பேச்சைக் குறிப்பெடுக்கறதே வேலை. எழுதுன சுத்தத்தைப் பாத்துத் தங்கிட்டயே வெச்சுக்கிட்டாரு. கிட்டத்தட்ட அம்பது வருசம் கூட இருந்தாரு. அந்த ஆளுக்கு எத்தனை மந்திரிங்க வணக்கம் போட்டிருப்பாங்க?

அதுக்காகக் கவரைக் கையில திணிக்காத. அது மரியாதை இல்ல, அசிங்கம். நல்ல அம்மிணின்னா அன்னைக்கே உன்ற பேரை அடிச்சுரும், வாங்கற அம்மிணின்னா நாளைக்கு உன்னைவிடப் பெரிய கவருக்கு உன்னைத் தள்ளீரும். தீவாளிக்கு ஆபீசுக்கே ஒரு பெட்டி பலகாரம் குடுத்தா அது வேற, எல்லாரும் ஒட்டுக்காத் திம்பாங்க. சில கம்பெனில அதையும் வாங்கக் கூடாதுன்னு வெச்சிருக்கறாங்க, திருப்பிக் குடுத்தா மூஞ்சியச் சுழிக்காம வாங்கிட்டு வா. எல்லாத்தையும் விட மொதலாளி முன்னால ‘மேடம் ரொம்பத் தெளிவா வழி சொன்னாங்க சார்’னு நெசமா ஒரு வரி சொன்னீன்னா, அந்தப் பெட்டி நிக்காது அது கிட்ட.

மேசைக்கு அந்தப்பக்கம் இருக்கறவுங்க எல்லாரும் தங்கம்னு நான் சொல்லல. எடத்தோட பவுசுல தன்னையே எம்.டி.ன்னு நெனச்சுக்கற ஆளுகளும் இருக்கறாங்க, நான் பாத்திருக்கறேன். காரணமே இல்லாம லொள்ளுப் பண்ணுவாங்க. அப்ப என்ன பண்றது? குரலை ஒசத்தாத. மொதலாளிக்கும் உனக்கும் தெரிஞ்ச பொது ஆளு ஒருத்தர் இருந்தா, அவரு மூலமாச் சொல்லலாம். ஆனா மேடத்துக்கும் தெரியப்படுத்திட்டுச் செய்யி, ‘இன்னார் மூலமாவும் கேட்டிருக்கறேங்க’ன்னு. முதுகுக்குப் பின்னால செஞ்சீன்னா, மொதலாளி திருப்பிக் கேக்கப்போறது அவுங்ககிட்டத்தான். அப்படியே உள்ள போயிட்டாலும், மொத சந்திப்புலயே ‘உங்க பி.ஏ. சரியில்லை’ன்னு புகார் வெச்சறாத. நீ அரைமணி இருந்துட்டுப் போயிருவே. அவரு அந்தம்மாவை நம்பித்தான் பொழப்பு நடத்தறாரு.

சரி, நீ எழுதி வெச்சிருக்கற மெயிலை எடு, பாக்கலாம். தலைப்பு சரி. நேரம் போட்டிருக்கறே, சரி. ஒட்டு ஒரு பக்கந்தான், பரவால்லை. இதென்ன கண்ணு, மொத வரிலயே ‘டியர் சார்’னு ஆரம்பிச்சிருக்கறே?